வேதாரண்யத்துக் காற்றுகள்

பங்குனி விடியல்.
உப்பளத்து ஓரத்தில் சுள்ளி எரிகிறது.
புகை, நூல் பிடித்தாற்போல்
நேரே மேலே போகிறது.
காற்றென்று சொல்ல
இன்னும் ஒன்றும் இல்லை.

பிறகு புகை சாய்ந்தது.
இலைக்குத் தெரியாது, கொடிக்குத் தெரியாது.
நனைத்த விரலை உயர்த்தினால்
ஒரு பக்கம் மட்டும் குளிரும்.
மென்காற்று.

அரசமரம் முதலில் எழும்.
நீளக் காம்பில் தொங்கும் இலை அதற்கு.
புளியமரம் உறங்கும்போதே
அரசு சலசலக்கத் தொடங்கிவிடும்.
கன்னத்தில் பட்டும் படாமலும்
இளந்தென்றல்.

முல்லைக் கொல்லையில் மொட்டுப் பறிப்பவள்
நிமிராமலே சொல்வாள்,
"தெக்கத்திக் காத்து."
இலையும் சின்னக் குச்சியும் ஓயாமல் ஆட,
காயும் சேலையின் முந்தானை விரிய,
தென்றல் வந்துவிட்டது.

தெற்கிலிருந்து வந்தால் தென்றல்,
வடக்கிலிருந்து வாடை,
கிழக்கிலிருந்து கொண்டல்,
மேற்கிலிருந்து கோடை.
போகுமிடத்தை வைத்து
எந்தக் காற்றுக்கும் பெயரில்லை இங்கே.
வந்த ஊரைச் சொல்லித்தான் அழைக்கிறோம்,
விருந்தாளியை அழைப்பதுபோல்.

பகலேறுகிறது.
மணல் சுடுகிறது, கடல் சுடவில்லை.
கொதித்த தரைமேல் காற்று எழும்பிவிட
அந்த இடத்தை நிரப்ப
கடல் தன் மூச்சை அனுப்புகிறது.
பனையோலை உரசும், உதடு கரிக்கும்:
கடற்காற்று.
இரவில் தரை ஆறி, கடல் ஆறாதிருக்க
அதே வழியில் திரும்பிப் போகும்
கரைக்காற்று.

களத்தில் உளுந்து காத்திருக்கிறது.
முறத்தைத் தோளுயரம் தூக்கி
மெல்லச் சரிக்கிறார்கள்.
தூசு பறக்க வேண்டும், பருப்பு விழ வேண்டும்,
இரண்டுக்கும் நடுவே இருக்கிறது
அவர்கள் கேட்கும் காற்று.
இலை மட்டும் அசைந்தால்
பொட்டும் மணியும் ஒன்றாய் விழும்.
கிளை வளைந்தால்
இளைத்த மணி பொட்டோடு போய்விடும்.
விட்டு விட்டு வீசும் காற்று இன்னும் மோசம்,
சுத்தம் செய்த குவியல்மேலேயே
தூசைக் கொண்டுவந்து கொட்டும்.
ஓலைநுனி ஒரே பக்கம் சாய்ந்து
அப்படியே நிற்கும் நேரம் பார்த்து
கிழவி சொல்கிறாள்,
"இப்பத் தூத்து."

ஆனி பிறந்தால் மேற்கு வாய் திறக்கும்.
ஊருக்குள் அது மேல்காற்று,
ஏட்டில் கோடை,
கடலுக்குப் போகிறவர் வாயில் கச்சான்.
பெயர் மூன்று, வெக்கை ஒன்று.
காய்ந்த நிலமெல்லாம் கடந்து வருவதால்
ஈரத்தை எங்கோ விட்டுவிட்டு
மண்ணை மட்டும் சுமந்து வருகிறது.

புழுதிக்காற்று.
மணிக்கு 20 கிலோமீட்டர் தாண்டினால்
தெருவின் காகிதம் எழுந்து நடக்கும்.
திண்ணையில் இருப்பவர்
கண்ணை இடுக்கிக்கொண்டு பேசுவார்.
தென்றல் புழுதி கிளப்பாது.
புழுதி கிளம்பிய பின்னும்
தென்றல் என்று எழுதும் கை
வாசலுக்கு வந்து பார்க்கவில்லை.

உப்புப் பாத்திக்கு மேல்காற்று நல்லதுதான்,
நீரை வேகமாய்க் குடிக்கும்.
ஆனால் அளவு மீறினால்
பாத்தியில் அலை விழும்.
மேலே தகடாய்ப் பூத்த உப்பு
உடைந்து அடியில் இறங்கும்.
மண் படிந்து வெள்ளை பழுக்கும்.
வாரிய குவியலைக் கீற்றுப் போட்டு மூடிவிட்டு
மேற்கையே பார்த்து நிற்பார்கள்.

ஆடி.
அம்மி பறக்கும் என்றது பழமொழி.
பறப்பது வாழைதான்:
தண்டில் நீர், தலையில் தார்,
முட்டுக் கொடுக்காத மரம் நடுவில் ஒடியும்.
இலை கிழிந்து நாராய்த் தொங்கும்.
வாழைக்கு அது பெரிய சேதமில்லை,
கிழிந்த இலையின் ஊடே காற்று போய்விடும்,
தண்டு தப்பும்.
பாய் விரித்த படகை
கச்சான் கடலுக்குள் சுலபமாய்க் கொண்டுபோகும்,
திருப்பித் தராது.
கரையோரம் அலை அடங்கித் தெரிவதை
அமைதி என்று எண்ணக் கூடாது:
காற்று கரையிலிருந்து தள்ளுகிறது,
அலை வளர இடம் வேண்டும்,
அந்த இடம் தூரக் கடலில்.

ஐப்பசி.
திசை மாறிய நாள்
ஈரத்துணி சொல்லிவிடும், காயாது.
கொண்டல் முகிலைக் கொண்டுவருகிறது.
சாரல் கிழக்குச் சன்னலை நனைக்கும்.
குளிர்ந்த ஊதல் கதவிடுக்கில் பாடும்.
கோடியக்கரைச் சதுப்புக்கு
பூநாரைகள் இறங்கும்.

ஐப்பசிக் கடைசியில் ஒருநாள்
எல்லாம் நின்றுபோனது.
வியர்வை காயவில்லை.
மேற்கு வானம் செம்பு நிறம்.
காற்றே இல்லாத கடலில்
தூரத்திலிருந்து உருண்டு வரும்
நீண்ட அலைகள், எண்ணி எண்ணி.
அலையை அனுப்பியது எங்கோ இருக்கிறது.
முதிர்ந்தவர் படகை இழுத்து
மேட்டில் ஏற்றிக் கட்டினார்.
நாகைத் துறைமுகத்தில் கூண்டு ஏறியது.
எண் 1 என்றால் தூரத்தில் இருக்கிறது,
8, 9, 10 என்றால் பெரும் அபாயம்.

வடக்கிலிருந்து முதல் வீச்சு.
தந்திக்கம்பி இரைந்தது.
குடையைப் பிடிக்க முடியவில்லை.
பெருங்கிளை ஆடியது:
பலத்த காற்று.
மரமே ஆடியது, எதிர்த்து நடந்தவர்
முன்னே குனிந்து நடந்தார்:
கடுங்காற்று.
ஓடு பெயர்ந்தது. தகரம் கத்தியாய்ப் பறந்தது.
சூறைக்காற்று.
மணிக்கு 62 கிலோமீட்டரில்
வானிலையார் அதைப் புயல் என்கிறார்கள்,
89-இல் கடும்புயல்,
118-இல் மிகக் கடும்புயல்.
கூரைக்கு அந்த எண்கள் தெரியாது.
காற்றின் வேகம் இருமடங்கானால்
அதன் தள்ளு நான்கு மடங்கு.
அதனால்தான் நேற்றுத் தாங்கிய சுவர்
இன்று தாங்கவில்லை.

தென்னைக்கு ஆணிவேர் இல்லை.
மட்டை விரித்த தலை பாயைப் போல் காற்றை வாங்க
சல்லிவேர்கள் ஒரு பக்கம் இழுபட்டு
ஒவ்வொன்றாய் அறுந்தன.
மாமரம் அடியோடு புரண்டது.
குளத்தங்கரைப் பனை நின்றது.

பிறகு, சட்டென்று, ஒன்றுமில்லை.
வானத்தில் நட்சத்திரம்.
புயலின் கண்.
கதவைத் திறக்காதே.
மாட்டை அவிழ்க்கப் போகாதே.
ஓய்ந்தது பாதிதான்.
வடக்கே இருந்து வந்தது
இனித் தெற்கே இருந்து வரும்:
அந்தப் பக்கம் இழுபட்ட வேரை
இந்தப் பக்கம் இழுக்கும்.
சாய்ந்து நின்ற சுவரை
மறுபுறம் திருப்பித் தள்ளும்.

வந்தது.
சூறாவளி.
இதற்கு மேல் சொல்லில்லை,
பேய்க்காற்று என்றார்கள், ஊழிக்காற்று என்றார்கள்.
2018 நவம்பர் 16, விடிவதற்குள்
கஜா இந்தக் கரையைக் கடந்தபோது
பங்குனியில் தென்றல் வந்த அதே தெற்கிலிருந்துதான்
அடுத்த பாதி வந்தது.
திசை அது. பெயர் அது இல்லை.

மார்கழி.
வாடை.
விழுந்த தென்னைகளின் குழிகளில்
மழைத்தண்ணீர் தேங்கி நிற்கிறது.
நிழல் தந்த இடமெல்லாம் வெயில்.
குனிந்து ஒருத்தி
புதிதாய் ஒரு கன்றை நட்டு
வடக்கில் ஒரு கழி, தெற்கில் ஒரு கழி
அடித்துக் கட்டுகிறாள்.
கயிறு இறுகாமல் தளர்வாய்,
தண்டு கொஞ்சம் ஆடட்டும் என்று.
அவள் அடுப்புப் புகை
மெல்லத் தெற்கே சாய்கிறது.