ஸ்கேன் பற்றி மாமாவுக்கும் அத்தைக்கும்

ராமமூர்த்தி நகர்,
பெங்களூரு.
12.6.2025

அன்புள்ள மாமாவுக்கும் அத்தைக்கும்,

கவிதா எழுதுகிறேன். இங்கே நானும் அவரும் நலம். வாந்தி கொஞ்சம் குறைந்திருக்கிறது. அத்தை கொடுத்துவிட்ட நார்த்தங்காய் ஊறுகாயும் மோர்ச்சோறும்தான் இப்போதைக்கு வயிற்றில் தங்குகின்றன.

ஞாயிற்றுக்கிழமை போனில், "அடிக்கடி ஸ்கேன் எடுத்தால் அந்தக் கதிர் பிள்ளைக்கு ஆகாதே" என்று அத்தை வருத்தப்பட்டீர்கள். நம் வீட்டில் யாரும் மாசமானதும் இப்படி ஆஸ்பத்திரிக்கு நடந்ததில்லை என்று மாமாவும் சொன்னீர்கள். போனில் பதில் சொன்னால் எதிர்த்துப் பேசுவதுபோல ஆகிவிடுமோ என்று சும்மா இருந்துவிட்டேன். பிள்ளை நல்லபடியாக வர வேண்டும் என்றுதான் நீங்கள் கேட்டீர்கள். நான் செக்கப்புக்குப் போக நினைப்பதும் அதற்காகத்தான்.

கதிர்வீச்சு இருப்பது எக்ஸ்ரேயில்தான் அத்தை. வயிற்றில் ஜெல் தடவிப் பார்க்கும் ஸ்கேனில் அது கிடையாது. நம் காதுக்குக் கேட்காத ஒலி அலையை உள்ளே அனுப்பி, அது பட்டுத் திரும்புவதை வைத்துப் படம் காட்டுகிறார்கள். மாதாமாதம் எடுப்பதும் இல்லை. எல்லாம் சரியாக இருந்தால் மொத்தமே நாலைந்துதான். முதல் ஸ்கேனில் கரு கர்ப்பப்பைக்குள்தான் இருக்கிறது, துடிப்பு இருக்கிறது என்று தெரிந்தது. அடுத்தது 11 வாரம் முடிந்ததிலிருந்து 13 வாரம் 6 நாளுக்குள் எடுக்க வேண்டும். பிள்ளையின் கழுத்துக்குப் பின்னால் இருக்கும் நீரை அப்போது அளப்பார்கள். நாள் தாண்டிவிட்டால் அந்த அளவு பயன்படாது. ஐந்தாம் மாதத்தில் இதயம், முதுகெலும்பு, சிறுநீரகம், கை கால் என்று ஒவ்வொன்றாகப் பார்க்கும் ஸ்கேன். ஏதாவது குறை தெரிந்தால், எந்த ஆஸ்பத்திரியில் பிரசவம் வைத்துக்கொள்வது, பிறந்ததும் என்ன வைத்தியம் என்று முன்னாலேயே ஏற்பாடு செய்யலாம். ஸ்கேன் எல்லாவற்றையும் காட்டிவிடாது, அதுவும் தெரியும். காட்டக்கூடியதையாவது பார்த்துக்கொள்ள விரும்புகிறேன்.

செக்கப் இன்னும் முக்கியம் என்று எனக்குப் படுகிறது. இதைச் சொல்லலாமா என்று யோசித்தேன். அத்தை, உங்கள் அக்காவைப் பற்றி ஒருமுறை என்னிடம் சொன்னீர்கள். எட்டாம் மாதம் கால் வீங்கி, தலைவலி என்று படுத்தவர், ஜன்னி கண்டு போய்விட்டார் என்றீர்கள். எங்கள் டாக்டரிடம் கேட்டேன். ரத்த அழுத்தம் ஏறினால் அப்படி வலிப்பு வரும் என்றார். கால் வீக்கம் எல்லாருக்கும் வருவதுதான், அதை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாதாம். ஆனால் ஒவ்வொரு முறையும் பிரஷர் பார்த்து, சிறுநீரில் புரதம் போகிறதா என்று சோதித்தால் பெரும்பாலும் முன்கூட்டியே தெரிந்துவிடும், மருந்து கொடுக்கலாம். பெரியம்மாவுக்கு அன்று அதைப் பார்க்க பக்கத்தில் ஒருவரும் இல்லை. எனக்கு இருக்கிறார்கள்.

எங்கள் அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பது உங்களுக்குத் தெரியும். அதனால் எனக்கும் கர்ப்பகாலத்தில் வர வாய்ப்பு அதிகம். வந்தாலும் வெளியே ஒன்றும் தெரியாது. ஆறாம் மாதத்தை ஒட்டி குளுக்கோஸ் தண்ணீர் குடிக்க வைத்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்தால்தான் தெரியும். எனக்கு ரத்தமும் கொஞ்சம் குறைவு. 11 இருக்க வேண்டிய இடத்தில் 10.2 இருக்கிறது. முருங்கைக்கீரை சாப்பிடுகிறேன். இரும்புச்சத்து மாத்திரையும் கொடுக்கப்போகிறார்கள். ஏறுகிறதா என்று திரும்பப் பார்க்க வேண்டும்.

ஆணா பெண்ணா என்று எந்த ஸ்கேனிலும் சொல்ல மாட்டார்கள் மாமா. 1994-லேயே அதற்குச் சட்டம் வந்துவிட்டது. கேட்க மாட்டோம் என்று நானும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். பக்கத்து வீட்டில் யாராவது விசாரித்தால் இதையே சொல்லிவிடுங்கள்.

செலவை நினைத்துக் கவலைப்பட வேண்டாம். இருவரும் இதற்கென்று தனியாக எடுத்து வைத்திருக்கிறோம். வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்கு வந்த பிறகு, அங்கே அரசு ஆஸ்பத்திரியிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்றிருக்கிறேன். மாதம் 9-ஆம் தேதி கர்ப்பிணிகளுக்கென்றே இலவசமாகப் பார்க்கிறார்கள். இங்கே எடுத்த ரிப்போர்ட் எல்லாம் ஒரே ஃபைலில் இருந்தால் அங்குள்ள டாக்டருக்கும் சுலபம்.

அத்தை, உங்களிடம் ஒரு உதவி வேண்டும். அடுத்த ஸ்கேன் ஜூன் 19-இலிருந்து ஜூலை 9-க்குள் முடிய வேண்டும். அஷ்டமி, நவமி, கரிநாள் எல்லாம் தள்ளி அதற்குள் ஒரு நல்ல நாள் பார்த்துச் சொல்லுங்கள். அந்த நாளுக்கே எழுதி வைக்கிறேன். முடிந்தால் நீங்களும் முந்தின நாள் ரயிலேறி வாருங்கள். டாக்டரிடம் உங்கள் சந்தேகத்தை நேராகவே கேட்கலாம், நம்மைப்போலத் தமிழில்தான் பேசுவார். ஸ்கேன் அறைக்குள் ஒருவரை விடுவார்கள். நீங்கள் வருவதாக இருந்தால் உங்கள் மகன் வெளியே இருக்கச் சம்மதித்துவிட்டார்.

மாமா, பிரஷர் மாத்திரையை விடாமல் போட்டுக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மருமகள்
கவிதா