டிவிடெண்ட் கொள்கை: மூன்று கணக்குகள், விடையோடு

கோவை ஞாயிறு வகுப்புக்கான பயிற்சித் தாள் இது. நிறுவனங்கள் மூன்றும் கற்பனை. எண்கள் நம் பக்கத்து மில்லிலும் கம்பெனியிலும் நடக்கக்கூடியவை. வருமான வரியையும் பங்குத் தரகையும் கணக்கில் சேர்க்க வேண்டாம். பேனாவால் போட்டுப் பார்த்த பிறகு விடைக்குப் போங்கள்.

கேள்வி 1. நிலையான வளர்ச்சி மாதிரி (14 மதிப்பெண்)

பீளமேட்டில் ஒரு பம்ப்செட் நிறுவனம். சென்ற ஆண்டு ஒரு பங்குக்கு லாபம் ₹20. அதில் ₹12 டிவிடெண்ட் இப்போதுதான் கொடுத்தாயிற்று, மீதி 40% தொழிலில் நிற்கிறது. பங்கு முதலின் மீதான வருவாய் 15%. பங்குதாரர்கள் எதிர்பார்க்கும் வருவாய் 14%.

(அ) பங்கின் மதிப்பு என்ன?
(ஆ) அடுத்த ஆண்டிலிருந்து 60% நிறுத்திவைத்தால் என்ன ஆகும்?
(இ) அடுத்த ஆண்டு லாபம் (ஆ)-வில் வருவதேதான், ஆனால் புதிய முதலீடுகளுக்கு 12% மட்டுமே கிடைக்கும் என்றால் 0%, 40%, 60% நிறுத்திவைப்பில் மதிப்பு என்ன?

விடை

g என்பது வளர்ச்சி, b நிறுத்திவைக்கும் விகிதம், ROE பங்கு முதலின் மீதான வருவாய், r பங்குதாரர் எதிர்பார்க்கும் வருவாய், D1 அடுத்த ஆண்டு டிவிடெண்ட், P0 பங்கின் இன்றைய மதிப்பு.

`g = b × ROE = 0.40 × 15% = 6%`
`P0 = D1 / (r − g) = 12.72 / (0.14 − 0.06) = ₹159`

மேலே 12 போட்டவர்களுக்கு ₹150 வந்திருக்கும். ₹12 ஏற்கெனவே கை மாறிவிட்டது. இன்று பங்கு வாங்குகிறவருக்குக் கிடைக்கப்போவது அடுத்த டிவிடெண்ட்தான், அதனால் ஒரு ஆண்டு வளர்த்து 12.72 எடுக்க வேண்டும்.

(ஆ)-வில் அடுத்த ஆண்டு லாபம் ₹21.20. அதில் 40% டிவிடெண்ட், அதாவது ₹8.48. வளர்ச்சி 9%. மதிப்பு 8.48 ÷ 0.05 = ₹169.60. டிவிடெண்ட் மூன்றில் ஒரு பங்கு குறைந்தும் பங்கின் மதிப்பு கூடியிருக்கிறது. நிறுத்திவைத்த பணம் 15% சம்பாதிக்கிறது, பங்குதாரர் கேட்பது 14% என்பதுதான் காரணம்.

(இ)-யில் அதே பாதை தலைகீழாக ஓடுகிறது. எதையும் நிறுத்திவைக்காவிட்டால் 21.20 ÷ 0.14 = ₹151.43. 40% என்றால் வளர்ச்சி 4.8%, மதிப்பு 12.72 ÷ 0.092 = ₹138.26. 60% என்றால் வளர்ச்சி 7.2%, மதிப்பு 8.48 ÷ 0.068 = ₹124.71. வளர்ச்சி ஏற ஏற மதிப்பு இறங்குகிறது! "லாபத்தைத் தொழிலிலேயே போட்டால் நல்லதுதானுங்களே" என்று வகுப்பில் யாராவது கேட்பார்கள். போட்ட இடத்தில் 14%-க்கு மேல் வந்தால் நல்லது, இல்லாவிட்டால் பணத்தைக் கொடுத்துவிடுவதே மேல். வருவாயும் சரியாக 14% என்றால் எவ்வளவு நிறுத்திவைத்தாலும் மதிப்பு ₹151.43-லேயே நிற்கும், போட்டுப் பாருங்கள்.

இந்த மாதிரியை அளவுக்கு மேல் நம்பாதீர்கள். (அ)-வில் வேறெதையும் தொடாமல் வளர்ச்சியை மட்டும் 6%-லிருந்து 10% ஆக்கினால் விடை ₹330. நான்கு புள்ளியில் மதிப்பு இரண்டு மடங்குக்கு மேல். வளர்ச்சி எங்கிருந்து வருகிறது என்று எழுதாமல் எண்ணை மட்டும் போடும் விடைக்கு நான் பாதி மதிப்பெண்தான் தருவேன்.

கேள்வி 2. மிச்ச அணுகுமுறை (10 மதிப்பெண்)

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம், 50 லட்சம் பங்குகள். கடனும் சொந்த முதலும் 40:60 என்பது அதன் இலக்கு. வரும் மூன்று ஆண்டுகளின் லாபம் ₹10 கோடி, ₹11 கோடி, ₹9 கோடி. முதலீட்டுத் தேவை ₹12 கோடி, ₹20 கோடி, ₹6 கோடி. இரண்டாம் ஆண்டின் செலவு சாயப்பட்டறைக் கழிவுநீர் சுத்திகரிப்புக்கு. திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன 2011 சனவரி உயர் நீதிமன்ற உத்தரவை நினைவில் வைத்திருப்பவர் யாரும் இதைத் தள்ளிப்போட மாட்டார். ஆண்டுதோறும் பங்குக்கு எவ்வளவு டிவிடெண்ட்? மூன்று ஆண்டும் ஒரே தொகை கொடுக்க வழி உண்டா?

விடை

முதலீட்டில் 60% சொந்தப் பணம்: ₹7.2 கோடி, ₹12 கோடி, ₹3.6 கோடி. லாபத்தில் இதைக் கழித்து மிஞ்சுவதே டிவிடெண்ட். முதல் ஆண்டு ₹2.8 கோடி, பங்குக்கு ₹5.60. இரண்டாம் ஆண்டு ₹1 கோடி பற்றாக்குறை. டிவிடெண்ட் இல்லை, அந்த ஒரு கோடிக்குப் புதுப் பங்கு வெளியிட வேண்டும். மூன்றாம் ஆண்டு ₹5.4 கோடி, பங்குக்கு ₹10.80.

கணக்கு சரி. ஆனால் 5.60, பூச்சியம், 10.80 என்று வந்தால் டிவிடெண்டை நம்பிக் குடும்பம் நடத்தும் பங்குதாரர் என்ன செய்வார்? நம் ஊர்க் கம்பெனிகளில் பங்குதாரர் பாதிப்பேர் பங்காளிகளும் மாமன் மச்சானும்தான். பூச்சியம் வந்த ஆண்டு கல்யாண வீட்டில்கூடக் கேள்வி வரும்.

மூன்று ஆண்டையும் சேர்த்துப் பார்த்தால் லாபம் ₹30 கோடி, சொந்தப் பணத் தேவை ₹22.8 கோடி, மிச்சம் ₹7.2 கோடி. ஆண்டுக்கு ₹2.4 கோடி, பங்குக்கு ₹4.80. முதல் ஆண்டு ₹40 லட்சம் மிஞ்சும். இரண்டாம் ஆண்டு அதையும் போட்டு, பற்றாத ₹3 கோடிக்குக் கூடுதல் கடன். மூன்றாம் ஆண்டு மிஞ்சும் ₹3 கோடியில் அது தீரும். வட்டியைத் தள்ளிவைத்திருக்கிறோம்; இடையில் 40:60 சற்றுக் குலையும் என்பதையும் விடையில் எழுதுங்கள்.

கேள்வி 3. பைபேக் (16 மதிப்பெண்)

பல்லடத்தில் ஒரு நூற்பாலை. ₹10 முகமதிப்பில் 1 கோடி பங்குகள், ஒன்று ₹100. ஆண்டு லாபம் ₹8 கோடி. சும்மா கிடக்கும் ரொக்கம் ₹10 கோடி, அதற்கு வட்டி வரவில்லை. தடையற்ற ரிசர்வ் ₹38 கோடி. குடும்பத்தார் கையில் 60 லட்சம் பங்குகள்.

(அ) அந்த ₹10 கோடியைப் பங்குக்கு ₹10 டிவிடெண்டாகக் கொடுப்பது, அல்லது ₹100-க்கு பைபேக், அதாவது நிறுவனமே தன் பங்குகளைத் திரும்ப வாங்குவது: 100 பங்கு வைத்திருப்பவருக்கு எது லாபம்?
(ஆ) பைபேக் விலை ₹125 என்றால்?
(இ) கம்பெனிச் சட்டம் 2013, பிரிவு 68 அனுமதிக்குமா?

விடை

டிவிடெண்ட் கொடுத்தால் பங்கு ₹90-க்கு இறங்கும். அவரிடம் பங்காக ₹9,000, ரொக்கமாக ₹1,000. பைபேக்கில் 10 லட்சம் பங்குகள் போகும். ₹90 கோடி மதிப்புக்கு 90 லட்சம் பங்குகள், விலை ₹100-லேயே நிற்கும். விற்றாலும் விற்காவிட்டாலும் அவரிடம் ₹10,000.

பங்குக்கு லாபம் ₹8-லிருந்து ₹8.89 ஆகிறதே என்பார்கள். ஆகிறது. கூடவே விலை-லாப விகிதம் 12.5-லிருந்து 11.25 ஆகிறது. டிவிடெண்ட் கொடுத்தாலும் 90 ÷ 8, அதே 11.25. லாபத்தை 12.5-ஆல் பெருக்கி "விலை ₹111" என்று எழுதுவதுதான் இந்தக் கேள்வியில் பலர் விழும் குழி. வெளியே போன ₹10 கோடியை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். மாறுவது வேறொன்று: குடும்பத்தார் விற்காவிட்டால் அவர்கள் பங்கு 60%-லிருந்து 66.67% ஆகும், ஒரு பைசா போடாமல்.

(ஆ) ₹125-க்கு 8 லட்சம் பங்குகள்தான் வாங்க முடியும். மீதி 92 லட்சத்துக்கு ₹90 கோடி, ஒன்று ₹97.83. விற்றவர்களுக்குப் பங்குக்கு ₹25 வீதம் ₹2 கோடி கூடுதல். அந்த ₹2 கோடி, விற்காதவர்களிடமிருந்து பங்குக்கு ₹2.17 வீதம் போனது. எல்லோரும் நூற்றுக்கு எட்டு என்று சரிசமமாக விற்றால் எவருக்கும் லாபமோ நட்டமோ இல்லை: 8 × 125 = 1,000; மீதி 92 பங்கு ₹9,000. ஆகவே அதிக விலை பைபேக் நல்லதா என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது. யார் விற்கிறார்கள் என்று கேளுங்கள்.

(இ) செலுத்திய முதல் ₹10 கோடி, தடையற்ற ரிசர்வ் ₹38 கோடி, மொத்தம் ₹48 கோடி. இயக்குநர் குழு தானே முடிவெடுக்கக்கூடியது 10%, ₹4.8 கோடி; அது போதாது. சிறப்புத் தீர்மானம் போட்டால் 25%, ₹12 கோடி வரை போகலாம், ₹10 கோடி அதற்குள் அடங்கும். பைபேக்குக்குப் பின் கடன், முதலும் ரிசர்வும் சேர்ந்ததைப் போல் இரண்டு மடங்கைத் தாண்டக் கூடாது என்பதையும் சேர்த்து எழுதினால் முழு மதிப்பெண்.