அம்மா: பார்க்க வேண்டிய டாக்டர், எடுக்க வேண்டிய டெஸ்ட்

(கடைசியாகத் திருத்தியது: ஞாயிறு, 9-11-2025, சென்னையிலிருந்து நான். அக்கா, தம்பி இருவரும் இதில் நேரடியாக எழுதலாம், திருத்தலாம். அழிக்க மட்டும் வேண்டாம். முடிந்ததைக் கீழே "முடிந்தவை"க்கு இறக்கிவிடுங்கள்.)

இனிமேல் அம்மாவின் உடம்பு சம்பந்தப்பட்டது எல்லாம் இந்த ஒரே பக்கத்தில்தான். வாட்ஸ்அப் குழுவில் பேசுவோம், ஆனால் முடிவானதை இங்கே வந்து எழுதிவிட வேண்டும். ஆகஸ்டில் தைராய்டுக்கு ஒரே வாரத்தில் இரண்டு தடவை ரத்தம் எடுத்தார்கள். ஒன்று நான் சொன்னது, இன்னொன்று தம்பி சொன்னது. அதே மாதம் எடுக்க வேண்டிய சிறுநீர் டெஸ்டை மூன்று பேருமே மற்றவர் பார்த்திருப்பார் என்று விட்டுவிட்டோம். ஊசி குத்தின இடம் அம்மாவுக்குப் பத்து நாள் நீலமாகக் கன்றிக் கிடந்தது. அதற்காகத்தான் இது. ஒவ்வொரு வேலைக்கும் எதிரே ஒருவர் பேர் இருக்கும். அந்த ஒருவருக்கு முடியாவிட்டால் முன்கூட்டியே பேரை மாற்றி எழுதிவிடுங்கள்.

எந்த டாக்டரிடமும் முதலில் சொல்ல வேண்டியது

வயது 74. சர்க்கரை 19 வருடமாக, பிரஷர், தைராய்டு. சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாது. 2011இல் உடம்பெல்லாம் தடித்துவிட்டது. ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின் 75 தினமும் மதியம். சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும். தைராய்டு மாத்திரை அக்டோபர் 4 முதல் 50இலிருந்து 75 ஆனது. கால்சியம் மாத்திரையைக் காலையில் அதோடு சேர்த்துப் போடக்கூடாது, நாலு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். இப்போது இரவில் போடுகிறார்கள்.

மாத்திரைச் சீட்டின் படம் "அம்மா ரிப்போர்ட்" ஃபோல்டரில் முதலாவதாக இருக்கிறது. டாக்டர் மாற்றினால் அன்றைக்கே புதுப் படம் போடுங்கள், பழையதை நீக்கிவிடுங்கள். பழைய சீட்டைக் காட்டித்தான் மருந்துக் கடையில் 50 வாங்கிவந்துவிட்டார்கள்.

இந்த வாரமே: கார்த்திகை சோமவாரம் பற்றி சுகர் டாக்டரிடம் கேட்பது
யார்: நான். எப்போது: புதன் 12-11க்குள், போனில்.

இது 25ஆம் தேதி வரை காத்திருக்க முடியாதது. கார்த்திகை 17-11 திங்களன்று பிறக்கிறது, அன்றைக்கே முதல் சோமவாரம். இந்த வருடம் ஐந்து திங்கள்: நவம்பர் 17, 24, டிசம்பர் 1, 8, 15. அம்மா ஐந்தும் இருப்பார்கள். சங்கரன்கோவிலில் இருந்துகொண்டு சோமவாரம் இருக்காதே என்று சொல்ல நமக்கு வாய் வராது, சொன்னாலும் கேட்கப்போவதில்லை.

புரட்டாசிச் சனிக்கிழமை (11-10) நடந்ததை அக்காவுக்கு முழுதாகச் சொல்லவில்லை, இங்கே எழுதிவைக்கிறேன். அன்றைக்கு அம்மா விரதம், ஆனால் கிளிமிபிரைடு மட்டும் வழக்கம்போலக் காலையில் போட்டுவிட்டார்கள். பதினொரு மணிக்கு வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, திண்ணையில் உட்கார்ந்துவிட்டார்கள். எதிர்வீட்டு மதினி பார்த்துவிட்டு ஓடிவந்து மெஷினில் பார்த்தால் 62. மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி கழித்துத் திரும்பப் பார்த்ததில் 96 வந்திருக்கிறது. மதினி இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. அன்று மாலை நான் போன் செய்தபோது அம்மா, "நல்லா இருக்கேன்ளா, சாப்பிட்டியா" என்றுதான் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து மதினி சொல்லித்தான் தெரியும்.

டாக்டரிடம் கேட்க வேண்டியது: விரத நாளில் எந்த மாத்திரையை விடுவது, எதைக் குறைப்பது, பால், பழம் எத்தனை மணிக்கு, மெஷினில் எவ்வளவு வந்தால் விரதத்தை விட்டுவிட வேண்டும். டாக்டர் சொன்னதை அப்படியே அம்மாவிடம் சொல்கிறேன். டாக்டர் சொன்னார் என்றால் கேட்பார்கள்.

*தம்பி, 9-11: மதினிக்கும் தனியாகப் போன் பண்ணிச் சொல்லு. திங்கள் பதினொரு மணிக்கு ஒரு தடவை எட்டிப் பார்க்கச் சொல்லு.*

சனி 22-11: ரத்தம், சிறுநீர், வீட்டிலேயே
யார்: லேபுக்குச் சொல்வது தம்பி. காலையில் அம்மாவோடு போனில் இருப்பது அக்கா.

மூன்று மாதச் சர்க்கரை (கடைசி 23-8, அப்போது 8.1), வெறும் வயிற்றுச் சர்க்கரை, சாப்பிட்ட பின் சர்க்கரை, டி.எஸ்.எச்., கிரியாட்டினின், கொலஸ்ட்ரால், ஹீமோகுளோபின். சிறுநீரில் அல்புமின்: போன தடவை விட்டுப்போனது இதுதான், சிறுநீரகம் பாதிக்கிறதா என்று முன்கூட்டியே காட்டுவதும் இதுதான். லேப் பையனிடம் கப் வாங்கி வைத்தாயிற்றா என்று தம்பி முந்தின நாளே கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஏன் 22 என்றால், தைராய்டு மாத்திரை அளவு மாறினால் ஆறிலிருந்து எட்டு வாரம் கழித்துப் பார்த்தால்தான் சரியாகத் தெரியும். அது ஏழாவது வாரம். மூன்று மாதச் சர்க்கரைக்கும் அன்றோடு மூன்று மாதம். ஒரே குத்தில் இரண்டும் முடியும்.

ஆள் 6.30க்கு வருவார். அதற்கு முன் காபி கிடையாது, எந்த மாத்திரையும் கிடையாது; தண்ணீர் குடிக்கலாம். ரத்தம் எடுத்த பிறகு தைராய்டு மாத்திரை, அரை மணி நேரம் கழித்து இட்லி, அதோடு சர்க்கரை மாத்திரை. முதல் இட்லியை எடுக்கிற நேரத்தைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அதிலிருந்து இரண்டு மணி நேரத்தில் திரும்ப எடுக்க வேண்டும், சாப்பிட்டு முடித்ததிலிருந்து அல்ல. நடுவில் முறுக்கு, கடலை எதுவும் கூடாது.

*அக்கா, 9-11: 6.30 என்றால் எனக்கு மஸ்கட்டில் 5 மணி. அதற்குள் எழுந்துவிடுவேன், நானே கூப்பிடுகிறேன். இட்லி நேரத்தையும் நானே இங்கே எழுதிவிடுகிறேன்.*

செவ்வாய் 25-11: சுகர் டாக்டர், மாலை
யார்: டோக்கன் சொல்வது நான். கூடப் போவது மதினி. ஆட்டோ, வழக்கமான அண்ணாச்சி.

22ஆம் தேதி ரிப்போர்ட்டைக் காகிதமாகக் கையில் கொடுத்துவிட வேண்டும். டாக்டர் போனில் பார்க்க மாட்டார், அம்மாவுக்கும் போனில் தேடி எடுத்துக் காட்ட வராது. நான் ஸ்பீக்கரில் இருப்பேன்.

கேட்க வேண்டியவை. பாதத்தில் ராத்திரியில் எரிச்சல் என்கிறார்கள்: நைலான் இழையால் தொட்டுப் பார்க்கிற நரம்பு டெஸ்ட் செய்யலாமா? மெட்ஃபார்மின் பல வருடமாகப் போடுகிறவர்களுக்கு பி12 குறையும், அதைப் பார்க்க வேண்டுமா? ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசி இரண்டும் எப்போது? கண் ஆபரேஷனுக்கு இந்தச் சர்க்கரை சரியா? கடைசிக் கேள்விக்குப் பதில் எழுத்தில் வேண்டும், ஒரு வரியாக இருந்தாலும் போதும்.

வெள்ளி 28-11: திருநெல்வேலி, கண்
யார்: தம்பி. வியாழன் இரவு பெங்களூரிலிருந்து ரயில், காலையில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு காரில்.

வலது கண்ணில் புரை. லென்ஸ் அளவு எடுப்பதும், சர்க்கரையால் விழித்திரை கெட்டிருக்கிறதா என்று பார்ப்பதும் ஒரே நாளில். கண்ணில் சொட்டு விட்டுப் பாவையை விரிப்பார்கள். அதற்கப்புறம் சில மணி நேரம் எல்லாம் மங்கல், வெளிச்சம் கூசும். அதனால் தனியாக அனுப்பவே கூடாது, பஸ் கூடாது. அப்பாவின் பழைய கறுப்புக் கண்ணாடி பீரோவில் இரண்டாம் தட்டில் இருக்கிறது, எடுத்துக்கொள். மழை சீசன், குடையும்.

ஆஸ்பிரின் போடுவதைச் சொல்ல வேண்டும். நிறுத்து என்று அவர்கள் சொன்னால் ஒழிய நாமாக நிறுத்தக் கூடாது. இ.சி.ஜி., எக்கோ செப்டம்பரில் எடுத்தது இருக்கிறது, நகல் கொண்டுபோனால் திரும்ப எடுக்க வேண்டாமா என்று கேட்டுப் பார்.

வியாழன் 18-12: கண் ஆபரேஷன் (25, 28 தேதிகளில் சரி என்று சொன்னால் மட்டும்)
யார்: நான். 17-12 முதல் 27-12 வரை லீவு போட்டாயிற்று.

அம்மாவே சொன்ன தேதி. கடைசி சோமவாரம் முடியட்டும், பொங்கலுக்குள் சரியாகிவிட வேண்டும் என்றார்கள். கணக்குப் பார்த்தால் பொங்கலுக்கு (15-1) சரியாக நாலு வாரம் இருக்கிறது. அன்று இரவு பாளையங்கோட்டையில் சித்தி வீட்டில் தங்கல், மறுநாள் கட்டுப் பிரித்துப் பார்த்துவிட்டு ஊருக்கு. சொட்டு மருந்து நேரத்தை எழுதி அடுப்படிக் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டுவேன். நான் கிளம்பிய பிறகு தலைக்கு ஊற்றுவது, குனிந்து கோலம் போடுவது, விறகு அடுப்புப் புகை பற்றி டாக்டர் என்ன சொன்னாரோ அதை மதினியிடமும் சொல்லிவிட்டு வருகிறேன்.

*அக்கா, 9-11: 28இலிருந்து பத்து நாள் நான் வருகிறேன். டிக்கெட் இந்த வாரம் போடுகிறேன்.*

தேதி இன்னும் போடாதவை

காது: டிவி சத்தம் கூடிக்கொண்டே போகிறது என்று மதினி சொன்னார்கள். கண் முடிந்ததும், ஜனவரியில். தம்பி.
கீழ்ப் பல்செட் உரசிப் புண் ஆகிறது. அம்மா இதைச் சொல்வதே இல்லை, சாதத்தைக் குழைத்துச் சாப்பிடுவதைப் போன தடவை நான் பார்த்தேன். உள்ளூர்ப் பல் டாக்டர் போதும். நான், லீவில் போகும்போது.
முழங்கால் எக்ஸ்ரே: அவசரமில்லை, பிப்ரவரி.

முடிந்தவை

2-9 இ.சி.ஜி., எக்கோ: சரியாக இருக்கிறது. எக்கோ மார்ச் வரை வேண்டாம் என்றார்.
4-10 தைராய்டு மாத்திரை மாற்றம்.
18-10 பிரஷர் மெஷின் புது பேட்டரி, தம்பி.

இந்தப் பக்கத்தைப் பெரிய எழுத்தில் அச்செடுத்து அம்மாவுக்கும் அனுப்பியிருக்கிறேன், புரட்டாசிப் பகுதியை மட்டும் விட்டுவிட்டு. போன ஞாயிறு படித்துவிட்டு ஒரு திருத்தம் சொன்னார்கள்: 25 மாலை பிரதோஷம் இல்லையா என்று பார்க்கச் சொல்லி. பார்த்தேன், இல்லை. அம்மா எதையாவது மாற்றச் சொன்னால் இங்கே "அம்மா சொன்னது" என்று எழுதி மாற்றுங்கள்.

அடுத்து மூன்று பேரும் பேசுவது: ஞாயிறு 16-11, இரவு 8.30, மஸ்கட்டில் 7.00. முதலில் சோமவார மாத்திரை.