திருமணப் பொருத்தக் குறிப்பு: பூசம் – திருவோணம்

களுவாஞ்சிகுடி அம்மா, ஐயா இருவருக்கும் வணக்கம். நீங்கள் தந்த இரண்டு சாதகங்களையும் பார்த்து எழுதியிருக்கிறேன். காரைதீவு வீட்டாருக்கும் இதையே காட்டலாம். அவர்களுக்கென்று வேறு குறிப்பு தேவையில்லை.

பெண்: பூசம் 2ஆம் பாதம், கடக ராசி, சிங்க இலக்கினம், வயது 26. மாப்பிள்ளை: திருவோணம் 3ஆம் பாதம், மகர ராசி, இடப இலக்கினம், வயது 30. வாக்கியம், திருக்கணிதம் இரண்டிலும் பார்த்தேன். நட்சத்திரம் மாறவில்லை.

பத்துப் பொருத்தத்தில் ஆறு பொருந்துகிறது: தினம், கணம், ஸ்திரீ தீர்க்கம், ராசி, ரஜ்ஜு, வேதை. மகேந்திரம், யோனி, ராசி அதிபதி, வசியம் நான்கும் இல்லை. ரஜ்ஜுவில் பெண்ணுக்குத் தொடை, மாப்பிள்ளைக்குக் கழுத்து. வேறு வேறு என்பதால் தோஷமில்லை. வேதையும் இல்லை. நான் முதலில் பார்ப்பது இந்த இரண்டையும்தான். நாடியும் வெவ்வேறு.

ராசிப் பொருத்தத்தை ஆறில் சேர்த்திருந்தாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். கடகமும் மகரமும் ஒன்றுக்கொன்று ஏழாம் ராசி. பொதுவாக இது நல்ல பொருத்தம். ஆனால் இந்தச் சோடியை விலக்கி வைக்கும் நூல்களும் உண்டு. வேறு ஒருவரிடம் கேட்டால் அவர் ஐந்து என்று சொல்லக்கூடும், அதில் பிழையில்லை. நான் ஏற்றுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

இல்லாத நான்கில் நீங்கள் கவனிக்க வேண்டியவை இரண்டு. யோனியில் பெண்ணுக்கு ஆடு, மாப்பிள்ளைக்குக் குரங்கு. இவை பகை. ராசி அதிபதிகள் சந்திரனும் சனியும். சந்திரனுக்குச் சனி சமம், சனிக்குத்தான் சந்திரன் பகை. அதாவது ஒரு பக்கப் பகை. நடைமுறையில் என்னவென்றால், அவ மனதில் பட்டதை உடனே சொல்லிவிடுவா, அவர் இரண்டு நாள் யோசித்துவிட்டுத்தான் வாய் திறப்பார். "ஏன் பேசாமல் இருக்கிறீங்கள்?" என்பதில்தான் சண்டை தொடங்கும். பிரிவைச் சொல்லும் அமைப்பு இது இல்லை. கணம் இரண்டும் தேவ கணமாக இருப்பது இந்த இடத்தில் நிறையவே கைகொடுக்கும்.

செவ்வாய் தோஷம் பற்றித்தான் அம்மா திரும்பத் திரும்பக் கேட்டீர்கள். மகளுக்குச் செவ்வாய் நாலில் இருப்பது உண்மை. ஆனால் அது விருச்சிகம், செவ்வாயின் சொந்த வீடு. ஆட்சி பெற்ற செவ்வாயைத் தோஷமாகக் கணக்கில் எடுப்பதில்லை. மாப்பிள்ளைக்குச் செவ்வாய் ஐந்தில், அங்கும் தோஷமில்லை. யாராவது பரிகாரப் பட்டியல் எழுதித் தந்தால் காசை வீணாக்க வேண்டாம். மாமாங்கேஸ்வரரிடமோ தான்தோன்றீஸ்வரரிடமோ மனம் விரும்பிப் போவது வேறு விஷயம்.

மகளின் ஏழாம் இடத்துக்குரிய சனி மேடத்தில் நீசம். இதை யாரும் பெரிதாகச் சொல்லிப் பயமுறுத்த முடியும் என்பதால் நானே எழுதிவிடுகிறேன். மேடத்துக்குரிய செவ்வாய் கேந்திரத்தில் ஆட்சியாக இருப்பதால் இது நீசபங்கம். சனியோடு கூடவே வியாழனும் இருந்து இலக்கினத்தைப் பார்க்கிறார். பேச்சுவார்த்தை இழுபட்டு இழுபட்டு வந்ததுக்கு இந்தச் சனியைச் சொல்லலாம், அவ்வளவுதான். மாப்பிள்ளைக்கு ஏழிலேயே வியாழன்.

திசை: மாப்பிள்ளைக்குப் போன வருடம் இராகு திசை முடிந்து வியாழ திசை தொடங்கியிருக்கிறது. மகளுக்குப் புதன் திசை இன்னும் 3 வருடம் அளவில் போய், பிறகு கேது 7 வருடம். இரண்டு மாற்றங்களுக்கும் நடுவில் நல்ல இடைவெளி இருப்பதால் திசாசந்தி இல்லை. கேது என்றதும் பதற வேண்டாம். அந்தக் காலத்தில் வீடு கட்டப் பெரிய கடன் எடுப்பதை மட்டும் யோசித்துச் செய்தால் போதும்.

என் முடிவு: செய்யலாம். மத்திமத்துக்கு மேலான பொருத்தம். உத்தமம் என்று எழுதினால் அது பொய்.

குடி, முறை இரண்டும் சாதகத்தில் தெரியாது. அதை உங்கள் பெரியவர்கள் விசாரித்துக்கொள்ளுங்கள். சீதன வீட்டுப் பேச்சை இந்தக் குறிப்போடு சேர்த்துக் குழப்பவும் வேண்டாம். அப்புறம், இருவரும் ஆஸ்பத்திரியில் தலசீமியாவுக்கான இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. இருவருமே நோய்க் காவிகளாக இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்த நோய் வர நாலில் ஒரு வாய்ப்பு உண்டு. நாடிப் பொருத்தம் அதைச் சொல்லாது.

பிள்ளைகள் இருவரையும் ஒருமுறை ஆறுதலாகப் பேச விடுங்கள். அவர்களுக்குச் சம்மதம் என்றால் நாள் வைக்க வாருங்கள். ஆடியும் மார்கழியும் தவிர்த்து மற்ற மாதங்களில் பார்ப்போம். வரும்போது இரண்டு சாதகத்தின் மூலப் பிரதியும் கொண்டு வாருங்கள், போட்டோக் கொப்பியில் பாதம் சரியாகத் தெரியவில்லை.