கணக்கு உதவியாளர் வேலைக்கான பதிவு: சுயவிபரக் கோவை இணைப்பு

மதிப்புக்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். என் பெயர் சி. தர்சிகா, கொக்குவிலில் வசிக்கிறேன். யாழ்ப்பாணத்தில் கணக்கு உதவியாளர் வேலை தேடுகிறேன். உங்கள் வேலைவாய்ப்பு நிலையத்தில் என்னைப் பதிந்து, பொருத்தமான இடம் வந்தால் அறியத்தாருங்கள். சுயவிபரக் கோவையைப் பிடிஎப் ஆக இணைத்துள்ளேன்.

உயர்தரம் வணிகப் பிரிவில் படித்து, பின்னர் ஏ.ஏ.ரி. பரீட்சைகளை 2021இல் முடித்தேன். அன்று முதல் சுன்னாகத்தில் கட்டடப் பொருள் மொத்த வியாபார நிலையமொன்றில் கணக்குப் பார்க்கிறேன். சீமெந்து, கம்பி, பெயின்ற் எல்லாம் அநேகமாகக் கடனுக்குத்தான் போகும். கைக்கு வருவது பின்திகதியிட்ட காசோலைகள். எந்தக் காசோலை எந்தத் திகதியில் வங்கிக்குப் போகவேண்டும், எது திரும்பியது, அந்த வாடிக்கையாளருக்கு மேலும் சரக்குக் கொடுக்கலாமா என்பதை எக்செலில் ஒரே தாளில் வைத்திருக்கிறேன். முதலாளி காலையில் முதலில் கேட்பது அதைத்தான். மாத முடிவில் வங்கி இணக்கக் கூற்று, சம்பளப் பட்டியல், சேமலாப நிதிக்கு ஊழியரின் 8 வீதமும் நிறுவனத்தின் 12 வீதமும், நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் கணக்கிட்டுக் கட்டுவது எல்லாம் என் பொறுப்பு. 18 வீத பெறுமதி சேர் வரிக்கான பட்டியல்களையும் நானே தயாரிப்பேன். அறிக்கையைக் கணக்காளர் சரிபார்த்து அனுப்புவார்.

குவிக்புக்ஸ் தெரியும். ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுதுவேன், பேசுவது கொஞ்சம் மெதுவாகத்தான் வரும். கொழும்பு விநியோகத்தர்களுடன் சிங்களத்தில் தொலைபேசியில் சமாளிக்கிறேன்.

இப்போதுள்ள இடத்தில் குறையில்லை, ஆனால் இதற்கு மேல் அங்கே பதவி உயர்வு இல்லை. தணிக்கை நிறுவனம், வைத்தியசாலை, ஹோட்டல் எதுவானாலும் சரி, முழுக் கணக்கையும் இறுதிக் கணக்குவரை செய்யப் பழக இடமிருந்தால் போதும். யாழ் நகரம், திருநெல்வேலி, சாவகச்சேரி வரை பஸ்ஸில் வந்துபோவேன். கிளிநொச்சி என்றால் கிழமையில் ஆறு நாளும் கஷ்டம். வெளிநாட்டு வேலைக்கு என் பெயரைச் சேர்க்க வேண்டாம். மாதம் 75,000 ரூபாவுக்குக் குறையாத சம்பளம் எதிர்பார்க்கிறேன். பயிற்சி நல்லதாக இருந்தால் பேசலாம். ஒரு மாத முன்னறிவித்தல் கொடுத்துத்தான் இங்கிருந்து விலகலாம்.

ஒரு வேண்டுகோள். நான் வேலை தேடுவது இங்கே இன்னும் தெரியாது. ஆகவே கோவையை எந்த நிறுவனத்துக்கும் அனுப்ப முன் என்னிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். யாழ்ப்பாணத்தில் வியாபாரிகள் எல்லாரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். நற்சான்றுக்கு என் ஏ.ஏ.ரி. விரிவுரையாளர் சம்மதித்திருக்கிறார், அவரது விபரம் கோவையின் இரண்டாம் பக்கத்தில் உண்டு. பதிவுக்கோ வேலை கிடைத்த பின்னரோ என்னிடம் கட்டணம் எடுப்பீர்களா என்பதையும் பதிலில் குறிப்பிடுங்கள்.

வேலை நேரத்தில் அழைப்பு எடுக்க முடியாது. கோவையிலுள்ள இலக்கத்துக்கு வட்ஸ்அப்பில் செய்தி போட்டால், மாலை 5.30க்குப் பின் நானே எடுப்பேன். நேரில் வரச் சொன்னால் ஞாயிறு, அல்லது போயா தினம் வசதி.

நன்றி.

இப்படிக்கு,
சி. தர்சிகா
கொக்குவில்