பஸ் திசையும் வாளி வரிசையும்: மதுரை மகளிர் விடுதி ஒன்றில் முதலாண்டு மாணவியரின் நட்பு (ஆய்வுச் சுருக்கம்)

பின்னணி: ஒரே ரூமில் போட்டுவிட்டால் தோழிகளாகிவிடுவார்கள் என்று வார்டனும் நம்புகிறார், பெட்டியோடு வந்து இறக்கிவிட்டுப் போகும் பெற்றோரும் நம்புகிறார்கள். அருகில் குடியிருப்பது நட்பை வளர்க்கும் என்பது பழைய செய்திதான். அமெரிக்காவில் எம்.ஐ.டி.யின் மணமான மாணவர் குடியிருப்பைப் பற்றி 1950இல் வெளிவந்த ஆய்வு, பக்கத்து வீட்டுக்காரர்களையே பலரும் நண்பர்களாகச் சொன்னதைக் காட்டியது. ஆனால் நம் விடுதிகளில் வெள்ளிக்கிழமை மாலையானால் முக்கால்வாசிப் பேர் ஊருக்குக் கிளம்பிவிடுகிறார்கள். வாரம் இரண்டு நாள் காலியாகிற ரூமில் அருகாமைக்கு என்ன ஆகிறது?

நோக்கம்: சேர்ந்த புதிதில் அமையும் நட்பு, ஆண்டு முடிவதற்குள் யாரிடமிருந்து யாரிடம் நகர்கிறது, எந்த இடத்தில் வைத்து நகர்கிறது என்று பார்ப்பது.

முறை: மதுரையில் ஒரு கலைக் கல்லூரியின் மகளிர் விடுதி; 6 அறைகள், அறைக்கு 4 பேர், மொத்தம் 24 முதலாண்டு மாணவியர். அட்மிஷன் வரிசைப்படி அறை ஒதுக்கப்பட்டதால் யாரும் யாரையும் தேர்ந்தெடுக்கவில்லை. ஆகஸ்டிலும் பிப்ரவரியிலும் தனித்தனியாகப் பேசினோம். “உனக்கு நெருங்கிய தோழி யார்?” என்று கேட்டால் எல்லோர் பெயரையும் சொல்கிறார்கள். அதனால் கேள்வியை மாற்றினோம்: “ராத்திரி ரெண்டு மணிக்கு உடம்புக்கு முடியலன்னா யாரை எழுப்புவ?” இதற்கு ஒரு பெயர்தான் வந்தது. இது தவிர, குழாயடி, மெஸ், வாசல் ஆகிய மூன்று இடங்களில் உட்கார்ந்து கவனித்துக் குறிப்பெடுத்தோம். எல்லோரிடமும் ஒப்புதல் பெறப்பட்டது.

கண்டறிந்தவை: ஆகஸ்டில் 17 பேர் ரூம்மேட் பெயரைச் சொன்னார்கள். 4 பேர் தங்கள் பள்ளியிலிருந்தே வந்தவர்களைச் சொன்னார்கள். 3 பேர் யாரையும் எழுப்ப மாட்டோம் என்றார்கள். பிப்ரவரியில் ரூம்மேட்டைச் சொன்னவர்கள் 8 பேர்தான். வேறு அறையில் இருந்தாலும் ஒரே திசையில் ஊருக்குப் போகிறவளைச் சொன்னவர்கள் 10 பேர்.

உசிலம்பட்டி, தேனிப் பக்கத்துப் பெண்கள் ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் போக வேண்டும். மானாமதுரை, பரமக்குடிப் பக்கத்தவர்கள் மாட்டுத்தாவணி. இரண்டு கூட்டமும் விடுதி வாசலிலேயே எதிரெதிர் நிறுத்தங்களுக்குப் பிரிந்துவிடுகின்றன. பெண்களுக்குக் கட்டணமில்லாத டவுன் பஸ் வரும்வரை, காசு கேட்கிற பஸ்களை ஒவ்வொன்றாக விட்டுவிட்டு நிற்கிறார்கள். வீட்டுக் கடன், அக்காவுக்கு வந்திருக்கும் மாப்பிள்ளை, அரியர் என்று ரூமில் வாயைத் திறக்காத பேச்செல்லாம் அங்கேதான் நடக்கிறது. காலை ஐந்தரைக்கு வாளியோடு நிற்கும் குழாயடி வரிசையில் எங்கள் கணிப்புக்கு மாறாகச் சண்டைதான் அதிகம்; நட்பு குறைவு.

நாங்கள் எதிர்பாராதது வேறொன்று. ராமேசுவரம், கொடைக்கானல் மேல்மலை போன்ற தொலைவூர்க்காரிகள் 5 பேர் வார இறுதியிலும் விடுதியிலேயே தங்குகிறார்கள். பாவம், தனியாக இருப்பார்கள் என்று நினைத்துத்தான் போனோம். பிப்ரவரியில் அவர்களில் 4 பேர் தங்களுக்குள்ளேயே ஒருவரையொருவர் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை இரவு ஊரிலிருந்து திரும்புகிறவர்கள் டப்பாவைத் திறக்கும்போது இந்த ஐவரும் அறை அறையாகப் போகிறார்கள். “அன்னைக்கு ராத்திரி எங்களுக்குத்தான் வேட்டை. ஆறு ரூம் கொழம்பும் எங்க தட்டுல இருக்கும்” என்றாள் ஒருத்தி. ஆறு அறையிலும் உரிமையோடு நுழைகிறவர்கள் இவர்கள் மட்டுமே. மொத்தம் 24 பேரில் மீதி 2 பேர் பிப்ரவரியில் வகுப்புத் தோழியரைச் சொன்னார்கள்.

வரம்புகள்: 24 பேர், ஒரு விடுதி, ஓர் ஆண்டு, இதை வைத்து எல்லா விடுதிக்கும் பேச முடியாது. ஆய்வாளர் இருவரில் ஒருவர் அதே விடுதியில் முன்பு தங்கிப் படித்தவர். கதவு திறந்ததற்கும் அதுவே காரணம், சில கேள்விகள் கேட்காமல் விட்டதற்கும் அதுவே காரணம். சாதியை நாங்கள் கேட்கவில்லை. ஆனாலும் 3 பேர் தாங்களாகவே சொன்னார்கள்: சேர்ந்த முதல் வாரம் அம்மா போனில் கேட்டது, “உன் ரூம்ல இருக்கிறவங்கல்லாம் யாரு?” ஒரே பஸ் என்றால் ஒரே வட்டாரம், அந்த வட்டாரத்துக்குள் சாதியும் ஏறி உட்கார்ந்திருக்கலாம். பஸ் நட்பையும் சாதி நட்பையும் எங்கள் தரவுகளால் பிரித்துக் காட்ட இயலவில்லை. இந்த ஆய்வின் பெரிய ஓட்டை இதுதான்.

முடிவு: அறை ஒதுக்கீடு முதல் சில மாத நட்பைத் தீர்மானிக்கிறது, அதன்பின் ஊருக்குப் போகிற வழியும், போகாமல் தங்குவதும் அதை மாற்றிப்போடுகின்றன. ஆள் குறைவு என்று ஞாயிறு மெஸ்ஸை மூட நினைக்கும் நிர்வாகங்கள், அன்று விடுதியில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது.

முக்கியச் சொற்கள்: விடுதி வாழ்க்கை, முதலாண்டு மாணவியர், நட்பு, அருகாமை, வார இறுதிப் பயணம், உணவுப் பகிர்வு, மதுரை