பயிற்சி ஃபர்ம்வேர் பொறியாளர் பணிக்கான விண்ணப்பக் கடிதம்

அனுப்புநர்
மா. ரேவதி,
கேத்தி பாலாடா,
நீலகிரி மாவட்டம்.

பெறுநர்
மேலாளர் அவர்கள்,
ஃபர்ம்வேர் பிரிவு,
கோயம்புத்தூர்.

நாள்: 16.06.2025

பொருள்: பயிற்சி ஃபர்ம்வேர் பொறியாளர் பணிக்கு விண்ணப்பித்தல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். பம்ப்செட் ஸ்டார்ட்டர் பெட்டிகளுக்கு ஃபர்ம்வேர் எழுதும் தங்கள் பிரிவில் பயிற்சியாளர்கள் தேவை என்ற அறிவிப்பைக் கண்டு இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். தமிழிலும் விண்ணப்பிக்கலாம் என்று அதில் குறிப்பிட்டிருந்தீர்கள். நான் செய்த தவறுகளைத் தெளிவாகச் சொல்ல எனக்குத் தமிழே வசதி என்பதால் தமிழிலேயே எழுதுகிறேன்.

கடந்த ஏப்ரலில் மின்னணுவியல் மற்றும் தகவல் தொடர்புப் பொறியியலில் டிப்ளமோ முடித்தேன். மொத்த மதிப்பெண் 78 விழுக்காடு. இரண்டாம் பருவத்தில் கணிதத்தில் ஒரு அரியர் விழுந்தது; அடுத்த பருவத்திலேயே எழுதித் தேறிவிட்டேன். மற்ற விவரங்கள் சுயவிவரத்தில் இருக்கின்றன. இங்கே நான் செய்த இரண்டு சிறிய கருவிகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கல்லூரிக் கண்காட்சி மேசையில் இரண்டுமே நன்றாகத்தான் ஓடின. வெளியே கொண்டுபோன பிறகுதான் இரண்டும் பழுதாயின.

முதலாவது, உறைபனி எச்சரிக்கைக் கருவி. எங்கள் வீட்டில் கேரட்டும் உருளைக்கிழங்கும் பயிரிடுகிறோம். நீர்ப்பனி முடிந்து உறைபனி தொடங்கிவிட்டால், விடிவதற்குள் ஸ்பிரிங்ளரைத் திறந்துவிட வேண்டும். அதற்காக அப்பா இரவில் மூன்று முறை எழுந்துபோய்ப் புல்லைத் தொட்டுப் பார்ப்பார். அந்த வேலையை ஒரு கருவியிடம் கொடுக்கலாம் என்று ஐந்தாம் பருவச் சிறு திட்டமாக இதை எடுத்துக்கொண்டேன். ஏடிமெகா 328பி மைக்ரோகன்ட்ரோலர், டிஎஸ்18பி20 வெப்பநிலை உணரி, ஒரு பஸ்ஸர் – அவ்வளவுதான். ஆயத்த லைப்ரரி எதையும் சேர்க்கக் கூடாது என்பது வழிகாட்டி ஆசிரியரின் நிபந்தனை. உணரியிடமிருந்து ஒவ்வொரு பிட்டாக வாங்கும் நிரலைத் தரவுத்தாளைப் பார்த்து நானே சி மொழியில் எழுதினேன்.

முதலில் உணரியை வீட்டுத் தாழ்வாரத்தில் கட்டியிருந்தேன். அது நான்கு டிகிரி காட்டிய காலையில் தோட்டத்துப் புல் வெள்ளை வெளேரென்று இருந்தது. மேகமில்லாத, காற்றில்லாத இரவில் தரை தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிடுகிறது. அதனால் இலை மட்டத்தில் இருக்கும் குளிர், ஆள் உயரத்துக் காற்றில் தெரிவதில்லை. இருபது மீட்டர் கம்பி இழுத்து, உணரியைச் செடியின் உயரத்துக்கே இறக்கினேன். அது எளிதில் தீர்ந்த சிக்கல்.

ஜனவரியில் ஓர் இரவு மூன்றரை மணிக்கு பஸ்ஸர் ஒலித்தது. அப்பா எழுந்து, கம்பளிக் குல்லாயைப் போட்டுக்கொண்டு கதவருகே போவதற்குள் ஒலி நின்றுவிட்டது. குளிர் விட்டுவிட்டது போலிருக்கிறது என்று திரும்பி வந்து படுத்துக்கொண்டார். காலையில் பார்த்தால், கீழ்ப்பாத்தி உருளைச் செடிகளின் இலைகள் வெந்நீர் ஊற்றியதுபோலத் துவண்டு கருகிக் கிடந்தன. அப்பா என்னை ஒன்றும் சொல்லவில்லை. "அது நல்லாத்தான் கத்துச்சு, நான்தான் மெதுவா எழுந்தேன்" என்றார். அந்தப் பழி அவருடையது அல்ல என்பது எனக்கு அரை மணி நேரத்தில் தெரிந்துவிட்டது. கருவி பத்து நிமிடத்துக்கு ஒரு முறை அளவை இஇப்ராமில் எழுதிவைக்கும். அதை மடிக்கணினியில் இறக்கிப் பார்த்தேன். 1.94, 1.06, 0.25 என்று இறங்கிவந்த எண்கள் அடுத்த வரியில் 4095.50 என்று நின்றன.

பிழை இந்த இரண்டு வரிகளில் இருந்தது:

```c
uint16_t raw = ((uint16_t)msb << 8) | lsb;
float t = raw / 16.0;
```

அரை டிகிரி பூஜ்ஜியத்துக்குக் கீழே போனால் உணரி 0xFFF8 என்று அனுப்புகிறது. குறியுள்ள எண்ணாகப் படித்தால் அது கழித்தல் 8. குறியில்லாத எண்ணாகப் படித்தால் 65528. பதினாறால் வகுத்தால் 4095.50. அரை டிகிரிக்குக் கீழே இருந்தால் ஒலி எழுப்பு என்பது நான் எழுதியிருந்த நிபந்தனை. நாலாயிரம் டிகிரி என்று நம்பிய நிரல், உண்மையான உறைபனி தொடங்கிய அந்த நொடியில் வாயை மூடிக்கொண்டது. `uint16_t` என்பதை `int16_t` என்று மாற்றியதோடு திருத்தம் முடிந்தது.

திருத்தத்தைவிட, இது கல்லூரியில் ஏன் தப்பியது என்பதுதான் என்னை அதிகம் உறுத்தியது. டம்ளரில் ஐஸ் கட்டியும் தண்ணீரும் போட்டு, உணரியை அமுக்கிச் சோதித்திருந்தேன். ஐஸ் தண்ணீர் பூஜ்ஜியத்துக்குக் கீழே போகாது. பூஜ்ஜியத்துக்குக் கீழே என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டிய கருவியை, ஒரு முறைகூடப் பூஜ்ஜியத்தைத் தாண்டாமலே சோதித்து முடித்திருக்கிறேன். ஒரு பிடி கல் உப்பு போட்டிருந்தால் போதும். இப்போது போட்டுத்தான் சோதிக்கிறேன். கழித்தல் ஒன்பது வரை இறங்குகிறது. கூடவே இன்னொன்றையும் சேர்த்தேன். இந்த உணரி மின்சாரம் வந்தவுடன், அளக்கும் முன்பே கேட்டால், 85 டிகிரி என்று சொல்லும். பனியில் நனைந்த இணைப்பு விட்டுவிட்டுச் சேரும்போது அந்த 85 வந்துகொண்டிருந்தது. இப்போது சிஆர்சி சரிபார்ப்பில் தவறினாலும், 85 வந்தாலும், முந்தைய அளவிலிருந்து நம்ப முடியாத தாவல் இருந்தாலும், அந்த அளவு தள்ளப்படும். மூன்று முறை தொடர்ந்து தள்ளப்பட்டால் பஸ்ஸர் வேறு தாளத்தில் ஒலிக்கும். உணரி கெட்டுவிட்டது என்பதும் அப்பாவுக்குத் தெரிய வேண்டிய செய்திதானே.

அந்தக் கருவியைப் பின்னர் பேட்டரிக்கு மாற்றினேன். ஆயத்த போர்டை உறங்க வைத்தாலும் அதிலுள்ள ரெகுலேட்டரும் யுஎஸ்பி சில்லும் உறங்குவதில்லை. செல்கள் இரண்டு நாளில் தீர்ந்தன. சில்லை மட்டும் தனியே புள்ளி போர்டில் சால்டர் செய்த பிறகு, உறக்கத்தில் பத்து மைக்ரோஆம்பியருக்குள் நிற்கிறது.

இரண்டாவது, நான்கு பேர் சேர்ந்து செய்த இறுதியாண்டுத் திட்டம். தங்கள் பணிக்கு இதுவே நெருக்கமானது. எங்கள் ஊரில் கேரட் கழுவும் இயந்திரங்கள் விடிய விடிய ஓடும். பெரியப்பாவின் இயந்திரத்தில் மும்முனை மின்சாரத்தில் ஒரு ஃபேஸ் போய், மோட்டார் காயில் எரிந்து, மறுபடி சுற்றக் கொடுத்தார்கள். ஒரு ஃபேஸ் போனால் கான்டாக்டரை விடுவிக்கும் பெட்டி ஒன்றைச் செய்ய முனைந்தோம். மூன்று ஃபேஸிலும் மின்னழுத்தம் இருக்கிறதா என்று பார்த்தால் போதும் என்பது எங்கள் முதல் எண்ணம். தங்களுக்கு இது சிரிப்பாக இருக்கும். சுற்றிக்கொண்டிருக்கும் மோட்டார், அறுந்த ஃபேஸிலும் தானே மின்னழுத்தத்தை உண்டாக்கிக் காட்டுகிறது. ஃபியூஸைக் கழற்றியும் எங்கள் பெட்டி பச்சை விளக்கோடு நின்றதைப் பார்த்த எலக்ட்ரீசியன் அண்ணன்தான், "மின்னழுத்தத்தைப் பார்க்காதே, மின்னோட்டத்தைப் பார்" என்றார். மூன்று கம்பிகளிலும் மின்னோட்ட டிரான்ஸ்ஃபார்மர் மாட்டி, 20 மில்லிவினாடி கொண்ட ஒரு முழுச் சுற்றுக்கு ஏடிசி மாதிரிகள் எடுத்துக் கணக்கிடும்படி நிரலை மாற்றி எழுதினேன். நிரல் முழுவதும் என் பொறுப்பு. மின்சுற்றும் பெட்டியும் மற்ற மூவருடையவை.

அது வேலை செய்தது. ஆனால் கான்டாக்டர் விடும்போதெல்லாம் மைக்ரோகன்ட்ரோலர் ரீசெட் ஆனது. மின்னழுத்தச் சரிவா, வாட்ச்டாக்கா என்று அறிய `MCUSR` பதிவேட்டைப் படித்தால் எப்போதும் பூஜ்ஜியமே வந்தது. எங்கள் நிரல் தொடங்கும் முன்பே பூட்லோடர் அதை அழித்துவிடுகிறது என்று கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது. பூட்லோடர் இல்லாமல் புரோகிராமர் வழியே நேராக ஏற்றியதும், மின்னழுத்தச் சரிவைக் குறிக்கும் பிட் எழுந்து நின்றது. காயிலுக்குக் குறுக்கே ஸ்னப்பரும், கட்டுப்பாட்டுப் பகுதிக்குத் தனி மின்வழங்கியும் வைத்தபின் ரீசெட் நின்றது. பெட்டி மார்ச் மாதத்திலிருந்து அங்கே ஓடுகிறது. இதுவரை ஒரு முறை உண்மையாகவே விடுவித்திருக்கிறது.

எனக்குத் தெரியாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். கல்லூரியில் 8051 படித்தோம், நானாக ஏவிஆர் கற்றேன். எஸ்டிஎம்32 போர்டு ஒன்று வாங்கி மூன்று மாதமாகப் பழகுகிறேன். டைமர், யுஏஆர்டி வரை வந்திருக்கிறேன், டிஎம்ஏ இன்னும் பிடிபடவில்லை. ஆர்டிஓஎஸ் பயன்படுத்தியதில்லை. ஆசிலோஸ்கோப்பை ஆய்வக நேரத்தில் மட்டும்தான் தொட்டிருக்கிறேன். Git பயன்படுத்தத் தெரியும், ஆனால் தனியாகத்தான். நாலு பேர் ஒரே நிரலில் கை வைத்து வேலை செய்த அனுபவம் இல்லை. ஆங்கிலத் தரவுத்தாளைத் தடையின்றிப் படிப்பேன், பேச்சில் தயக்கம் உண்டு.

அறிவிப்பில் ஓராண்டுப் பயிற்சிக் காலமும், வயல்வெளிச் சோதனைக்குச் செல்லும் வேலையும் உண்டு என்று போட்டிருந்தது. இரண்டுக்கும் சம்மதம். வயல்வெளி என்பதைப் படித்த பிறகுதான் விண்ணப்பிக்கவே முடிவு செய்தேன். தங்குவதற்குத் துடியலூரில் சித்தி வீடு இருக்கிறது. ஜூலை முதல் வாரத்திலிருந்து பணியில் சேர இயலும்.

நேர்காணலுக்கு எந்த வேலை நாளிலும் வருவேன். மழைக்காலம் என்பதால் குன்னூர் மலைப்பாதையில் மரம் விழுந்தால் பஸ் நின்றுவிடும். ஆகவே ஒரு நாள் முன்னதாகத் தெரிவித்தால், முந்தைய மாலையே இறங்கிவிடுவேன். இரண்டு கருவிகளின் போர்டுகளையும், அந்த ஜனவரி இரவின் அளவுப் பதிவையும், தவறான நிரலையும் திருத்திய நிரலையும் கையோடு கொண்டுவருகிறேன். ஐஸும் உப்பும் மட்டும் அங்கே கிடைத்தால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மா. ரேவதி

இணைப்பு: சுயவிவரம் (தொலைபேசி எண்ணுடன்), டிப்ளமோ தற்காலிகச் சான்றிதழ் நகல், மதிப்பெண் பட்டியல் நகல்கள், இரண்டு கருவிகளின் மின்சுற்று வரைபடங்கள்.